கேஷ் லெட்ஜரில் கிடக்கும் உங்கள் பணம்

சிறுதொழிலும் வரியும் – 17

நகராட்சிக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ அரசுத் துறைக்கோ சரக்கு சப்ளை செய்யும் சிறு பட்டறைக்காரர்களின் ஜிஎஸ்டி கணக்கைத் திறந்து பார்த்தால், கேஷ் லெட்ஜரில் நாற்பதாயிரம், எண்பதாயிரம் என்று ஒரு தொகை சும்மா கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதே ஆள் வங்கியில் ஓவர் டிராஃப்ட் வாங்கி மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். லெட்ஜரில் கிடக்கும் பணத்துக்கு ஒரு பைசா வட்டி வராது. கேட்டால், "அது கவர்மென்ட்டுக்குக் கட்டின பணம்ல தம்பி, திரும்ப எங்க வரப்போகுது?" என்பார்கள். விருதுநகர் பக்கத்தில் பள்ளிகளுக்கு இரும்பு டெஸ்க், பெஞ்சு செய்து கொடுக்கும் பட்டறை உரிமையாளர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இந்த வாரம் அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். தொகைகளை மட்டும் புரிவதற்காக உருட்டி எழுதுகிறேன்.

அண்ணாச்சியின் கேள்வியிலேயே பிழை இருக்கிறது. கேஷ் லெட்ஜரில் இருப்பது கட்டிய வரி அல்ல, வரி கட்டுவதற்காக வைத்திருக்கும் பணம். சலான் போட்டு நீங்கள் செலுத்தும் தொகை முதலில் இந்த லெட்ஜரில்தான் வந்து உட்காரும். மாத ரிட்டர்னான 3பி தாக்கல் செய்யும்போது அதிலிருந்து எடுக்கப்படும் தொகைதான் வரியாகிறது. எடுக்கப்படாமல் மிச்சம் நிற்பது இன்னும் உங்கள் பணமே. ஜிஎஸ்டி சட்டத்தின் 49(6) பிரிவும் இதைத்தான் சொல்கிறது: வரி, வட்டி, அபராதம், கட்டணம் எல்லாம் கட்டியது போக மிச்சமுள்ள ரொக்க இருப்பை 54ஆம் பிரிவின்படி திரும்பப் பெறலாம்.

அண்ணாச்சியின் லெட்ஜரில் பணம் எப்படிச் சேர்ந்தது? அவர் சலானே போடவில்லை. அது டிடிஎஸ். வருமான வரி டிடிஎஸ் வேறு, இது வேறு. ஜிஎஸ்டியின் 51ஆம் பிரிவின்படி, ஓர் ஒப்பந்தத்தின் மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், சரக்கு வாங்கும் அரசுத் துறையோ உள்ளாட்சி அமைப்போ பில் தொகையில் 2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் சப்ளை என்றால் மத்திய வரித் தலைப்பில் ஒரு சதவீதம், மாநில வரித் தலைப்பில் ஒரு சதவீதம். 2018 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வரி சேர்க்காத மதிப்பின் மேல்தான் இந்தப் பிடித்தம் கணக்கிடப்படும். பிடித்த அலுவலகம் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் தன் ரிட்டர்னைத் தாக்கல் செய்ததும், அந்தத் தொகை சப்ளையரின் பெயரில் போர்ட்டலில் தெரியும்.

அந்த வருஷம் அண்ணாச்சி 42 லட்ச ரூபாய்க்கு டெஸ்க், பெஞ்சு கொடுத்திருந்தார். 18 சதவீதம் வரி 7,56,000 ரூபாய். பிடிக்கப்பட்ட டிடிஎஸ் 84,000. தகடு, பைப், பெயின்ட் என்று 28 லட்சத்துக்கு வாங்கியதில் அவர் கட்டிய வரி 5,04,000. இதோடு அதே வருஷம் பைப் வளைக்கும் இயந்திரமும் பவுடர் கோட்டிங் அடுப்புமாக 15 லட்சத்துக்கு வாங்கினார். அதில் வரி 2,70,000. இரண்டையும் கூட்டினால் உள்ளீட்டு வரி கிரெடிட் 7,74,000. கட்ட வேண்டிய வரியைவிடக் கிரெடிட் அதிகம். ஆகவே, விற்பனைக்கான வரியாக ஒரு ரூபாய்கூட ரொக்கமாகக் கட்டத் தேவைப்படவில்லை. 84,000 டிடிஎஸ் அப்படியே லெட்ஜரில் தங்கிவிட்டது. லாரி வாடகைக்கு ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டிய 4,000 மட்டும் அதிலிருந்து போனது, ஏனென்றால் ரிவர்ஸ் சார்ஜ் வரியைக் கிரெடிட்டில் கழிக்க முடியாது, ரொக்கத்தில்தான் கட்ட வேண்டும். மிச்சம் 80,000. மத்திய வரித் தலைப்பில் 40,000, மாநில வரித் தலைப்பில் 40,000.

3பி தாக்கல் செய்யும் கணக்கர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேஷ் லெட்ஜரில் பணம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "எடுத்துக் கட்டிவிடுவோம், கிரெடிட் அப்படியே இருக்கட்டும்" என்று சிலர் ரொக்கத்தைக் கழித்துவிடுகிறார்கள். இது தலைகீழ். மிச்சமாகும் கிரெடிட்டைப் பணமாகத் திரும்பக் கேட்பது எளிதல்ல. ஏற்றுமதி, மூலப்பொருளின் வரிவிகிதம் விற்கும் பொருளின் விகிதத்தைவிட அதிகமாக இருப்பது போன்ற சில நிலைகளில்தான் அதற்கு வழி உண்டு. மிச்சமாகும் ரொக்கத்தை எவரும் கேட்கலாம். எனவே கிரெடிட்டை முதலில் செலவழித்து, ரொக்கத்தைக் கையில் நிறுத்துவதுதான் லாபம்.

இரண்டாவது கவனம் டிடிஎஸ்ஸைச் சேர்த்துக்கொள்வதில். அலுவலகம் பிடித்ததாலேயே பணம் உங்கள் லெட்ஜருக்கு வந்துவிடாது. போர்ட்டலில் ரிட்டர்ன் பகுதியில் `TDS and TCS Credit Received` என்றொரு பக்கம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பதிவையும் பார்த்து, தொகை சரி என்றால் ஏற்றுக்கொண்டு தாக்கல் செய்ய வேண்டும். செய்தால்தான் லெட்ஜரில் வரவு விழும். அண்ணாச்சியின் கணக்கில் இரண்டு மாதப் பிடித்தம் ஏற்கப்படாமலே கிடந்தது. யாருமே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை. நான் சொன்ன 84,000 அவற்றையும் சேர்த்த பிறகு வந்த தொகை.

டிடிஎஸ் தவிர வேறு வழிகளிலும் பணம் தேங்கும். சலான் போட்டபோது வங்கிப் பக்கம் நின்றுபோய், பணம் போகவில்லை என்று நினைத்து மறுபடி போட்டது ஒரு வகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வகை. ஆண்டு விற்பனை 5 கோடி வரை உள்ளவர்கள் இந்தத் திட்டத்தில் சேரலாம். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்குக் கணக்குப் பார்க்காமல், முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டிய வரியில் 35 சதவீதத்தை ஒவ்வொரு மாதமும் சலானில் கட்டிவிடலாம். தீபாவளிக் காலாண்டில் 60,000 கட்டிய கடைக்காரர், அடுத்த காலாண்டில் மாதம் 21,000 வீதம் இரண்டு மாதம் கட்டுவார். வியாபாரம் படுத்து, உண்மையான வரி 15,000தான் வந்தால் 27,000 மிச்சம். ஆனால் அந்தக் காலாண்டின் 3பி தாக்கல் ஆகும்வரை இந்த இருப்பைத் தொடவோ திரும்பக் கேட்கவோ முடியாது. தாக்கல் ஆன மறுநாளே கேட்கலாம்.

திரும்பக் கேட்பதற்கு முன், இது உண்மையிலேயே லெட்ஜர் இருப்புதானா என்று பார்த்துவிடுங்கள். அதிகம் பேர் குழம்பி, தவறான வகையில் விண்ணப்பித்து, மாதங்களை இழப்பது இங்கேதான். 3பியில் 5,000 என்பதற்குப் பதில் 50,000 என்று தட்டித் தாக்கல் செய்துவிட்டீர்கள் என்று வையுங்கள். 50,000 லெட்ஜரிலிருந்து கழிந்துவிட்டது, அது வரியாகிவிட்டது. இதற்குப் பெயர் கூடுதலாகக் கட்டிய வரி. அதைத் திரும்பக் கேட்கும் வகை வேறு, இரண்டு வருஷக் காலக்கெடுவும் உண்டு. அந்த வரிச்சுமையை வாடிக்கையாளர் தலையில் ஏற்றவில்லை என்பதையும் நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். லெட்ஜர் இருப்புக்கு இது எதுவும் கிடையாது. கண்டுபிடிப்பது எளிது. கேஷ் லெட்ஜரைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் வரவா பற்றா என்று இருக்கும், கடைசியில் இருப்பு இருக்கும். நீங்கள் தேடும் தொகை இருப்பில் தெரிந்தால் அது லெட்ஜர் பணம். பற்று வரிசையில் தெரிந்தால் அது கட்டிய வரி.

இன்னொரு வகைக் குழப்பம் தலைப்பு மாறிப் போவது. ஐஜிஎஸ்டியில் கட்ட வேண்டியதை சிஜிஎஸ்டி தலைப்பில் போட்டுவிட்டால் ரீஃபண்ட் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. பிஎம்டி-09 என்ற படிவத்தில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு உடனே மாற்றிக்கொள்ளலாம். இருப்பில் நிற்கும் பணத்துக்கு மட்டுமே இந்த வசதி.

இனி அண்ணாச்சி விண்ணப்பித்த விதம். முதலில் எவ்வளவு கேட்பது என்று யோசித்தோம். 80,000 முழுவதையும் கேட்க அவருக்கு ஆசை. நான் வேண்டாம் என்றேன். விண்ணப்பம் தாக்கல் ஆன அந்த நொடியே, கேட்ட தொகை லெட்ஜரிலிருந்து கழிக்கப்பட்டுவிடும். அதிகாரி முடிவெடுக்கும்வரை அது அங்கேயும் இருக்காது, உங்கள் வங்கியிலும் இருக்காது. இடையில் வரும் 3பிக்கு ரொக்கம் தேவைப்பட்டால் புதிதாகச் சலான் போட வேண்டும். லாரி வாடகை மாதாமாதம் வருகிறது, அதன் வரி ரொக்கத்தில்தான் போகும். ஆகவே ஒவ்வொரு தலைப்பிலும் 5,000 விட்டுவைத்து, 35,000 வீதம் 70,000 கேட்டோம். கொஞ்சம் இருப்பு வைத்திருப்பதில் வேறொரு பயனும் இருக்கிறது. 3பி தாமதமானாலும், கடைசித் தேதிக்கு முன்பே லெட்ஜரில் இருந்து, தாக்கல் ஆகும்வரை அப்படியே நின்ற தொகைக்கு வட்டி கணக்கிடக் கூடாது என்று 2024 ஜூலையில் 88பி விதியைத் திருத்தியிருக்கிறார்கள். தாமதக் கட்டணம் தனி, அது உண்டு.

விண்ணப்பத்துக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. அன்றைய தேதிவரை தாக்கல் செய்ய வேண்டிய ரிட்டர்ன்கள் அத்தனையும் தாக்கல் ஆகியிருக்க வேண்டும். பதிவுக்கான ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கு ஜிஎஸ்டி பதிவில் சேர்க்கப்பட்டு, அதே பான் எண்ணில் திறந்ததாக இருக்க வேண்டும். தனிநபர் நிறுவனம் என்றால் அந்த பான் ஆதாரோடு இணைந்திருக்கவும் வேண்டும். பிறகு போர்ட்டலில் போக வேண்டிய வழி இது:

```
Services > Refunds > Application for Refund
Refund of Excess Balance in Electronic Cash Ledger
```

இந்த வகைக்கு எந்த மாதம், எந்த வருஷம் என்று காலம் குறிப்பிட வேண்டியதில்லை. திறக்கும் பக்கத்தில் உங்கள் இருப்பு தலைப்புவாரியாகத் தானாக வந்து நிற்கும். அதற்குக் கீழே எவ்வளவு கேட்கிறீர்கள் என்று நிரப்ப வேண்டும். வரி என்ற கட்டத்தில் இருக்கும் பணத்தை வரி என்ற கட்டத்திலேயே கேட்க வேண்டும், வட்டிக்கான கட்டத்தில் இருப்பதை அங்கே. பொறுப்புப் பேரேட்டைப் பார்க்க அதே பக்கத்தில் ஓர் இணைப்பு இருக்கிறது. அதைத் தட்டிப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். பழைய அபராதமோ தாமதக் கட்டணமோ நிலுவை என்று அங்கே நின்றால், அதை முதலில் தீர்த்துவிடுவது நல்லது. இல்லையென்றால் அதிகாரி உங்கள் தொகையில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பிறகு வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, உறுதிமொழிகளை ஏற்று, டிஜிட்டல் கையெழுத்தோ ஓடிபியோ கொடுத்துத் தாக்கல் செய்யலாம். உடனே விண்ணப்ப எண் வரும்.

அத்தாட்சிப் படிவம் பற்றி ஒரு வார்த்தை. மற்ற ரீஃபண்ட்களில் அதிகாரி 15 நாளுக்குள் விண்ணப்பத்தைப் பரிசீலித்து, எல்லாம் சரி என்றால்தான் ஆர்எஃப்டி-02 கொடுப்பார். கேஷ் லெட்ஜர் பணத்துக்கு அப்படியல்ல. 90(1) விதியின்படி ஆர்எஃப்டி-02 போர்ட்டலிலேயே கிடைக்க வேண்டும், 54(7) பிரிவின் காலக்கெடுவும் விண்ணப்பம் தாக்கல் செய்த தேதியிலிருந்தே எண்ணப்படும். 60 நாளுக்குள் பணம் வராவிட்டால் அதற்கு மேற்பட்ட நாட்களுக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி. விண்ணப்பத் தேதியையும் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்கும்போது அது வேண்டும்.

அண்ணாச்சியின் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் சிக்கியது. கொள்முதல் பில்கள், விற்பனை பில்கள், வரிச்சுமையை யார் மேலும் ஏற்றவில்லை என்று ஆடிட்டர் சான்று, அதோடு இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிடிஎஸ் தொகை காலம் கடந்தது என்றும் ஒரு குறிப்பு. கேட்ட எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடலாம் என்றுதான் அண்ணாச்சி நினைத்தார். நான் கொடுக்கச் சொல்லவில்லை. தேவையில்லாததைக் கொடுத்தால், தேவை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அடுத்த பட்டறைக்காரரிடமும் அதையே கேட்பார்கள். 2021 நவம்பர் 17ஆம் தேதியிட்ட 166/22/2021 எண் சுற்றறிக்கை இந்தக் கேள்விகளுக்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. கேஷ் லெட்ஜரில் மிச்சமிருக்கும் தொகைக்கு 54(1)இன் இரண்டு வருஷக் கெடு பொருந்தாது. வரிச்சுமையை மாற்றவில்லை என்ற உறுதிமொழியோ சான்றோ தேவையில்லை. டிடிஎஸ், டிசிஎஸ் மூலம் லெட்ஜருக்கு வந்த பணமும் வரிக்குப் பயன்படாமல் நின்றால், கூடுதல் இருப்பாகவே திரும்பக் கேட்கலாம். இந்த மூன்றையும் பதிலில் எழுதி, சுற்றறிக்கையின் நகலை இணைத்தோம். லெட்ஜரின் அச்சுப் பிரதியும், டிடிஎஸ் வரவுகளின் பட்டியலும் கூடவே போயின. இவை இரண்டும் சான்றாகப் போதும். இப்படிக் கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. ஆர்எஃப்டி-08 என்ற விளக்கக் கடிதத்துக்கு 15 நாளில் ஆர்எஃப்டி-09இல் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே நிராகரிக்க அவர்களுக்கு வழி திறந்துவிடும்.

குறை இருப்பதாக ஆர்எஃப்டி-03 வந்தால் பயப்பட வேண்டாம். அப்போது கழிக்கப்பட்ட தொகை மீண்டும் லெட்ஜருக்கே வந்துவிடும், குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய எண் செத்துப்போகும், நாட்களின் எண்ணிக்கையும் புதிய தேதியிலிருந்துதான்.

ஒப்புதல் ஆணையான ஆர்எஃப்டி-06 வந்தது. ஒரே அதிகாரியே மத்திய, மாநிலப் பங்கு இரண்டையும் சேர்த்து ஒப்பளித்து வழங்கும் முறை 2019 செப்டம்பர் 26 முதல் இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் இரண்டு பக்கமும் அலைய வேண்டியிருந்தது. ஆணை கையில் இருந்தும் பணம் வரவில்லை. விசாரித்தால், வங்கிக் கணக்கு பட்டறையின் பெயரில் இருந்தது, ஜிஎஸ்டி பதிவின் பான் அவர் பெயரில் இருந்தது. அரசின் பணப்பட்டுவாடா அமைப்பு பெயர் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தபோது தவறிவிட்டது. வங்கியில் கணக்கின் பான் விவரத்தைச் சரிசெய்து, போர்ட்டலிலும் கணக்கைப் புதுப்பித்த பிறகுதான் 70,000 வந்து சேர்ந்தது. இதில் அலுவலகத்தின் தவறு எதுவும் இல்லை. முதல் நாளே பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

பணம் வந்ததும் அண்ணாச்சியின் கணக்கர் அதை வருமானத்தில் எழுதினார். எழுதக் கூடாது. டிடிஎஸ் பிடித்த அன்றே அது "கேஷ் லெட்ஜர் இருப்பு" என்ற சொத்துக் கணக்கில் ஏற வேண்டும். ரிவர்ஸ் சார்ஜுக்குப் போனதும், ரீஃபண்டாக வந்ததும் அதே கணக்கிலிருந்து கழித்து எழுதப்பட வேண்டும். மார்ச் 31 அன்று உங்கள் புத்தகத்தில் இந்தக் கணக்கின் இருப்பும் போர்ட்டலில் தெரியும் இருப்பும் ஒத்துப்போக வேண்டும். புத்தகத்தில் அதிகமாக இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஓர் அலுவலகம் பிடித்துவிட்டு இன்னும் ரிட்டர்ன் போடவில்லை, அல்லது அது போட்டும் நீங்கள் ஏற்கவில்லை. எந்த பில்லுக்கான தொகை என்பது அந்தக் கணக்கிலேயே தெரியும், அந்த பில்லை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் கேட்கலாம்.

(தொடரும்)